நெடுங்காணொலியில் அத்தியாயக் குறிகளும் பார்வையாளர் நகர்வும்: மாமல்லபுரச் சதுரங்க ஒலிம்பியாட் சுற்றுப் பதிவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

யூடியூப் தளத்தில் ஒரு காணொலியின் விவரக் குறிப்பில் எழுதப்படும் நேரக்குறிகள், அக்காணொலியை அத்தியாயங்களாகப் பிரிக்கின்றன. இப்பிரிப்பு பார்வையாளரின் நகர்வை மாற்றுகிறது; அதனால், அந்நகர்வைப் பதிவு செய்யும் தக்கவைப்பு வரைபடமும் மாறுகிறது. அத்தியாயத் தொடக்கத்தில் காணப்படும் உயர்வை உள்ளடக்கத்தின் சிறப்புக்குச் சான்றாகக் கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் சுற்று ஒன்றைப் பதிவு செய்யும் நெடுங்காணொலியை மாதிரியாகக் கொண்டு, நுழைவையும் தங்குதலையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அத்தியாயக் குறி, நேரக்குறி, தக்கவைப்பு வரைபடம், நுழைவு, தங்குதல், சதுரங்க ஒலிம்பியாட், மாமல்லபுரம்.

முன்னுரை

44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. 2022 சூலை 28 அன்று சென்னையில் தொடக்க விழா நிகழ்ந்தது. மறுநாள் முதல் ஆகத்து 9 வரை பதினொரு சுற்றுகள் ஆடப்பட்டன. ஒவ்வொரு சுற்றும் பல மணி நேரம் நீண்டது. ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பப்பட்டன. நேரலை முடிந்தபின் எஞ்சும் இத்தகைய பதிவு, விளையாட்டு வரலாற்றை ஆய்வோர்க்கு ஓர் ஆவணமாகிறது. ஆனால் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஓடும் ஆவணத்தை எவரும் முதலிலிருந்து இறுதிவரை இடைவிடாமல் பார்ப்பதில்லை. வேண்டிய பகுதியைத் தேடிச் செல்கின்றனர். அத்தேடலுக்கு வழிகாட்டுவன நேரக்குறிகளும் அத்தியாயக் குறிகளும் ஆகும்.

எந்தப் பகுதி மிகுதியாகப் பார்க்கப்பட்டது என்பதைக் கொண்டு மக்களின் ஆர்வத்தை அளக்க முனையும் ஆய்வாளர், ஓர் அடிப்படை வினாவை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. மக்கள் அப்பகுதிக்குச் சென்றது அதன் உள்ளடக்கத்தாலா, அங்கே ஒரு குறி நடப்பட்டிருந்ததாலா என்பதே அவ்வினா. இதற்கு விடை காணும் வழியே இக்கட்டுரையின் பொருள்.

நேரக்குறியும் அத்தியாயக் குறியும்

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. எனினும் இவற்றின் செயல் வேறுவேறு. விவரக் குறிப்பில் 3:12:00 என எழுதினால், அது தானே ஓர் இணைப்பாக மாறும். அதனைத் தொட்டால் காணொலி மூன்று மணி பன்னிரண்டாம் நிமிடத்திற்குத் தாவும். இவ்வசதி நெடுங்காலமாக உள்ளது. ஆயினும் விவரக் குறிப்பை விரித்துப் படிப்பவருக்கு மட்டுமே இது பயன்படும்.

2020 மே மாதத்தில் அறிமுகமான அத்தியாய வசதி, அதே நேரக்குறிகளைக் காணொலியின் அடியிலுள்ள முன்னேற்றப் பட்டைக்குக் கொண்டுவந்தது. பட்டை சிறு துண்டுகளாகப் பிரிகிறது. விரலால் இழுக்கும்போது அத்துண்டின் தலைப்பு தெரிகிறது. விவரக் குறிப்பை ஒருமுறையும் திறக்காதவரும் தலைப்புகளைக் கண்டு தாவ முடிகிறது. ஆகவே, முன்னது நாடி வருவோர்க்கான பொருளடக்கம் எனில், பின்னது கடந்து செல்வோர் கண்ணிலும் படும் வழிப்பலகை எனலாம்.

பட்டை துண்டுகளாகப் பிரிய வேண்டுமெனில் சில விதிகள் நிறைவேற வேண்டும். முதல் நேரக்குறி 0:00 ஆக இருத்தல் வேண்டும். குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் அமைதல் வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் பத்து வினாடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆறு மணி நேரச் சுற்றுப் பதிவு ஒன்றிற்கு மாதிரியாகப் பின்வரும் பட்டியலைக் கொள்ளலாம்.

```
0:00 இணைகள் அறிவிப்பு
12:00 தொடக்க நகர்வுகள்
1:30:00 நடு ஆட்டம்
3:12:00 நேர நெருக்கடி
3:52:00 இறுதி ஆட்டங்கள்
5:20:00 வீரர்களின் பேட்டிகள்
```

இதில் முதல் வரி விடுபட்டால், ஏனைய குறிகள் இணைப்புகளாக இயங்குமேயன்றிப் பட்டை பிரியாது. பட்டியலை எழுதியவர் அத்தியாயங்கள் அமைந்துவிட்டன என்று எண்ணியிருப்பார்; பார்வையாளருக்கோ பிரிவற்ற நீண்ட பட்டையே தெரியும். எனவே, ஒரு காணொலியில் அத்தியாயங்கள் உள்ளனவா என்பதைப் பட்டையைப் பார்த்தே உறுதி செய்தல் வேண்டும். விவரக் குறிப்பை மட்டும் நம்பலாகாது.

கடிகாரமும் பதிவின் அமைப்பும்

மேற்காட்டிய பட்டியலில் 'நேர நெருக்கடி' என்னும் அத்தியாயம் 3:52:00இல் முடிவதற்குக் காரணம் உண்டு. அவ்வொலிம்பியாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடங்கள் அளிக்கப்பட்டன. ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடிகள் கூடுதலாகச் சேர்ந்தன. நாற்பது நகர்வுகளுக்கு இக்கூடுதல் 20 நிமிடங்களாகும். எனவே, ஒருவருக்கு 110 நிமிடங்கள். இருவருக்கும் சேர்த்து 220 நிமிடங்கள், அதாவது 3 மணி 40 நிமிடங்கள். ஆட்டம் தொடங்கி இந்நேரத்திற்குள் இருவரும் நாற்பதாம் நகர்வை முடித்தாக வேண்டும். நேரத்தை முன்பே செலவிட்டவர் இவ்வெல்லையை நெருங்குகையில் விரைந்து ஆடித் தவறிழைக்க வாய்ப்புண்டு. மாதிரிப் பதிவு, ஆட்டம் தொடங்குவதற்கு 12 நிமிடங்கள் முன்னரே தொடங்குவதாகக் கொள்ளப்பட்டுள்ளது. அதனால் 3:40 என்னும் கடிகார எல்லை, பதிவில் 3:52 ஆகிறது.

ஆட்டத்தின் கடிகாரமும் பதிவின் கடிகாரமும் வேறு என்பதை மறப்பதால் ஒரு பிழை நேர்கிறது. நேரலை முடிந்தபின், முன்பகுதியிலுள்ள காத்திருப்புக் காட்சியில் பத்து நிமிடங்களை ஒருவர் வெட்டி நீக்குவதாகக் கொள்வோம். காணொலி குறுகும், விவரக் குறிப்பிலுள்ள எண்களோ தாமாக மாறா. 0:00 தவிர்த்த எல்லாக் குறிகளும் உரிய இடத்திற்குப் பத்து நிமிடம் பிந்தியே சுட்டும். தாவி வந்தவர் நிகழ்வு கடந்துவிட்டதை உணர்ந்து பின்னோக்கி இழுப்பார். அப்போது வரைபடத்தில், ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஏறத்தாழ ஒரே தொலைவில் ஒரு மேடு தோன்றும். ஓர் அத்தியாயத்தில் மட்டும் இவ்வாறு இருப்பின் குறியிடுதலில் நேர்ந்த தனித் தவறு எனலாம்; எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருப்பின் பதிவு வெட்டப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

வரைபடம் அளப்பது யாது?

தக்கவைப்பு வரைபடம், காணொலியின் ஒவ்வொரு கணமும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை மொத்தப் பார்வைகளின் விகிதமாகக் காட்டுகிறது. ஒருவர் ஒரு பகுதியை இருமுறை பார்த்தால் அது இருமுறை எண்ணப்படும். எனவே, வரைபடம் எண்ணுவது ஆட்களை அன்று, பார்வைகளையே.

காணொலியின் உரிமையாளர், யூடியூப் பகுப்பாய்வு இடைமுகத்தின் வழியாக இதனை எண்களாகப் பெறலாம். `audienceWatchRatio` என்னும் அளவை மேற்கூறிய விகிதத்தைத் தருகிறது. காணொலி எவ்வளவு நீளமாயினும், அது நூறு சம துண்டுகளாகவே பிரிக்கப்பட்டுத் தரப்படும். பத்து நிமிடக் காணொலியில் ஒரு துண்டு ஆறு வினாடி. ஆறு மணி நேரப் பதிவிலோ ஒரு துண்டு 216 வினாடி, அதாவது 3 நிமிடம் 36 வினாடி. இது நெடுங்காணொலி ஆய்வின் முதன்மையான வரையறை ஆகும். ஒரு நிமிட அளவினதாகிய அத்தியாயம் ஒன்று இத்துண்டுக்குள் மறைந்துவிடும். அதனைப் பற்றித் தனியே எதுவும் கூற இயலாது. நாற்பது நிமிட அத்தியாயமோ ஏறத்தாழ பதினொரு துண்டுகளைப் பெறுவதால் அதன் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றைப் பிரித்துக் காணலாம்.

வரைபடத்தில் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு எண்ணிக்கை உயர்ந்தால், அவ்வுயர்வு நிகர மாற்றமே. புதிதாக நுழைந்தோர் தொகையிலிருந்து வெளியேறியோர் தொகையைக் கழித்தபின் எஞ்சுவது அது. நூறு பேர் நுழைந்து நூறு பேர் வெளியேறின், வரைபடம் சமமாகவே தோன்றும். ஒரு சமதளம், ஒரே கூட்டம் அமைதியாக அமர்ந்திருப்பதையும் குறிக்கலாம். இடையறாது ஆள் மாறிக்கொண்டிருப்பதையும் குறிக்கலாம்.

நுழைவும் தங்குதலும்

இதனைக் கற்பித எண்கள் கொண்டு விளக்கலாம். மாதிரிப் பதிவு ஆயிரம் முறை திறக்கப்பட்டதாகக் கொள்வோம். 'நேர நெருக்கடி' தொடங்குவதற்குச் சற்று முன்னுள்ள துண்டில் 80 பார்வைகள். தொடங்கிய துண்டில் 210. முடியும் துண்டில் 150. 'வீரர்களின் பேட்டிகள்' தொடங்குவதற்கு முன் 40, தொடங்கியதும் 160, முடிவில் 30. இவ்விரு அத்தியாயங்களும் நாற்பது நிமிட நீளமுடையன ஆதலால் இவற்றை ஒப்பிடலாம்.

முதலாவதில் நிகர நுழைவு 130; இரண்டாவதில் 120. நுழைவை மட்டும் நோக்கின் இரண்டும் ஏறத்தாழ ஒத்த ஈர்ப்புடையன. தொடக்கத்தில் இருந்தோருள் இறுதியில் எஞ்சிய விகிதத்தைக் கண்டால் வேறுபாடு புலனாகும். முதலாவதில் 210க்கு 150, அதாவது 71 விழுக்காடு. இரண்டாவதில் 160க்கு 30, அதாவது 19 விழுக்காடு. நுழைவு, தலைப்பு எழுப்பிய எதிர்பார்ப்பை அளக்கிறது. தங்குதல், அவ்வெதிர்பார்ப்பு உள்ளே எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை அளக்கிறது.

எனினும் பேட்டிப் பகுதியைப் பார்வையாளர் விரும்பவில்லை என உடனே முடிவு செய்தல் கூடாது. தமக்கு வேண்டிய ஒரு வீரரின் பேட்டியைக் கேட்டு மனநிறைவுடன் ஒருவர் சென்றிருக்கலாம். அப்பேட்டி எங்குள்ளது என அறியாமல் சலித்தும் சென்றிருக்கலாம். இவ்விரண்டையும் பிரிக்க `stoppedWatching` என்னும் அளவை ஓரளவு உதவுகிறது. ஒருவர் காணொலியில் இறுதியாகப் பார்த்த துண்டு எது என்பதை அது எண்ணுகிறது. பேட்டிப் பகுதியில் பார்வைகள் 130 குறைந்துள்ளன. அப்பகுதித் துண்டுகளில் நிறுத்தியோர் தொகை 125 எனின், பெரும்பாலோர் காணொலியை விட்டே சென்றனர். அத்தொகை 40 மட்டும் எனின், எஞ்சியோர் பதிவின் வேறு பகுதிக்குத் தாவியுள்ளனர். அவர்கள் தேடிக்கொண்டிருந்தனர் எனக் கருத அது இடம் தரும். அந்நிலையில் செய்யத்தக்கது அத்தியாயத்தை வீரர் வாரியாகப் பகுத்துக் குறியிடுவதேயாம். ஒவ்வொரு பேட்டியும் துண்டின் அளவாகிய மூன்றரை நிமிடத்தைவிட நன்கு நீண்டிருந்தால், பகுத்தபின் எவர் பேட்டியில் எத்தனை பேர் தங்கினர் என்பதும் தெரியவரும்.

இதன் இணையாகிய `startedWatching`, ஒருவர் முதலில் பார்த்த துண்டு எது என்பதை எண்ணுகிறது. காணொலி முகவரியோடு `t=11520` என இணைத்து அனுப்பினால், பெறுபவர் நேரே 3:12:00இல் நுழைவார். அவர் இவ்வளவையில் எண்ணப்படுவார். காணொலியை முதலிலிருந்து திறந்து, பின்னர் பட்டையில் தாவியவர் முதல் துண்டில் எண்ணப்படுவார். ஆகவே 'நேர நெருக்கடி'யின் தொடக்கத் துண்டில் `startedWatching` மிகுந்திருந்தால், வெளியிலிருந்து வந்த பகிர்வு இணைப்பே அம்மேட்டுக்குக் காரணம். அது மிகக் குறைந்திருந்தால், உயர்வு காணொலிக்குள் நிகழ்ந்த தாவலால் அல்லது மறுபார்வையால் ஏற்பட்டது எனலாம்.

சராசரிப் பார்வை நேரம் நெடுங்காணொலிக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதும் இதனால் விளங்கும். ஆறு மணி நேரப் பதிவில் சராசரி 40 நிமிடம் எனின், அது 11 விழுக்காடு. இக்குறைந்த எண், எல்லோரும் தொடக்கத்திலேயே சலித்து விலகினர் என்பது போன்ற தோற்றம் தருகிறது. உண்மையில் பலர் ஓர் அத்தியாயத்தைத் தேடிச் சென்று அதனை முழுமையாகப் பார்த்திருக்கக்கூடும். நெடுங்காணொலியை ஒரே படைப்பாகக் கொள்ளாமல், பல படைப்புகளின் தொகுப்பாகக் கொண்டு அளப்பதே பொருத்தமுடையது.

குறியின் விளைவா, பொருளின் விளைவா?

ஒரு மேடு எதனால் எழுந்தது என அறிய முதலில் அதன் வடிவை நோக்க வேண்டும். குறியால் எழும் மேடு, முன்பக்கம் செங்குத்தாக ஏறிப் பின்பக்கம் மெல்லச் சரியும். எல்லோரும் ஒரே புள்ளியில் வந்து இறங்குவதே காரணம். நிகழ்வால் எழும் மேடு இருபுறமும் சரிவுடையது. திரும்பப் பார்ப்போர் நிகழ்வுக்குச் சற்று முன்னும் பின்னுமாக வெவ்வேறு புள்ளிகளில் இறங்குகின்றனர்.

வடிவால் தெளிவுபடாதபோது குறியை நகர்த்திப் பார்க்கலாம். மாதிரிப் பட்டியலில் 3:12:00 என்பதை 3:24:00 என மாற்றுவோம். நேர நெருக்கடி எப்போது தொடங்கியது என்பதற்குத் துல்லியமான கோடு இல்லாமையால், இம்மாற்றம் பார்வையாளரை ஏமாற்றுவதாகாது. பன்னிரண்டு நிமிடம் என்பது மூன்று துண்டுகளுக்குச் சற்று மிகுதி. ஆதலால் வரைபடம் இதனைக் காட்டும். மாற்றத்திற்கு முந்தைய பதினான்கு நாள்களையும் பிந்தைய பதினான்கு நாள்களையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். மேடு குறியோடு சேர்ந்து நகர்ந்தால் அது குறியின் விளைவு. இருந்த இடத்திலேயே நின்றால் அது பொருளின் விளைவு. ஒரு பகுதி நகர்ந்து ஒரு பகுதி நின்றால், அவ்விரண்டின் அளவையும் தனித்தனியே கணிக்கலாம்.

இவ்வொப்பீட்டில் நேரலையின்போது பார்த்தோரைச் சேர்த்தல் கூடாது. நிகழ்ந்துகொண்டிருக்கும் ஆட்டத்திற்கு முன்கூட்டியே குறியிட இயலாது. ஆகவே அவர்கள் முழுப் பட்டியலைக் கண்டவர் அல்லர். அவர்களுக்கு முடிவும் தெரியாது. பின்னர் வருவோர் பெரும்பாலும் முடிவை அறிந்தே வருகின்றனர்.

தலைப்பு வெளிப்படுத்தும் முடிவு

எட்டாம் சுற்றில் இந்தியாவின் இரண்டாம் அணி அமெரிக்க அணியை 3–1 என வென்றது. அதில் குகேஷ், ஃபேபியானோ கருவானாவை வென்று தொடர்ந்து எட்டாவது வெற்றியைப் பெற்றார். பத்தாம் சுற்றில் அதே அணி உசுபெகிசுத்தானுடன் 2–2 எனச் சமன் செய்தது. அதில் குகேஷ், நாதிர்பெக் அப்துசத்தாரோவிடம் தோற்றார். இச்சுற்றுகளின் பதிவுகளுக்குத் தலைப்பிடுவோர் இருவகையாகச் செய்யலாம். 'குகேஷ்–கருவானா: நேர நெருக்கடி' என்பது இடத்தை மட்டும் சுட்டும். 'குகேஷின் எட்டாவது தொடர் வெற்றி' என்பது முடிவையும் சொல்லிவிடும்.

இரண்டாம் வகைத் தலைப்பு, தேடி வருவோர்க்குத் துல்லியமானது. நுழைவைக் கூட்டவும் செய்யலாம். ஆயின், முடிவறியாது பார்க்க விழைபவர் பட்டையை இழுக்கும்போதே அது கண்ணில்படும். அவர் இடையிலுள்ள மூன்று மணி நேரப் போராட்டத்தைக் கடந்து நேரே வெற்றிக்குத் தாவக்கூடும். அப்போது நடு ஆட்டப் பகுதியின் குறைந்த பார்வை, அப்பகுதி சுவையற்றது என்பதற்குச் சான்றாகாது. தலைப்பு அதனைத் தேவையற்றதாக்கியது என்பதற்கே சான்றாகலாம்.

இன்னொரு வரையறையும் உண்டு. ஓர் அணிப் போட்டியில் நான்கு பலகைகளில் நான்கு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. வருணனையாளர் பலகைக்குப் பலகை மாறிச் செல்வர். ஆகவே ஓர் ஆட்டம் பதிவில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அத்தியாயமோ ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே அமையும். ஒரு கணம் ஓர் அத்தியாயத்திற்கு மட்டுமே உரியது. 'நேர நெருக்கடி' அத்தியாயத்தில் தங்கியோர் எந்தப் பலகையைக் காணத் தங்கினர் என்பதை அத்தியாய அளவிலான தரவு கூறாது. ஒரே ஆட்டத்தைத் தொடர விரும்புவோர்க்கு, அதன் பகுதிகளை `t=` முகவரிகளாகத் தனி அட்டவணையில் வரிசைப்படுத்தித் தருதலே வழியாகும்.

வெளியிலிருந்து ஆய்வோர் காணக்கூடியது

மேற்கூறிய எண்கள் காணொலியின் உரிமையாளருக்கு மட்டுமே கிட்டும். பிறருக்குத் தெரிவது, 2022 மே மாதத்தில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த 'மிகுதியாக மீண்டும் பார்க்கப்பட்டது' என்னும் வளைகோடு. அது ஒப்பீட்டு உயரத்தைக் காட்டுமேயன்றி எண்ணிக்கையைத் தராது. எல்லாக் காணொலிகளிலும் தோன்றுவதுமில்லை. இதனைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடு, மேடு தொடங்கும் இடத்தில் அத்தியாயக் குறி உள்ளதா என்பதையும், தலைப்பின் சொற்களையும், பார்த்த நாளையும் உடன் பதிதல் வேண்டும். விவரக் குறிப்பை எந்நாளிலும் மாற்றலாம் என்பதால், நாளிடப்படாத குறிப்பு பின்னர் சரிபார்க்க உதவாது.

முடிவுரை

அத்தியாயக் குறி பார்வையை எளிதாக்குகிறது. அதே வேளையில் பார்வையை வடிவமைக்கவும் செய்கிறது. அதனால் அத்தியாயவாரியான தரவில், பதிவின் இயல்பும் பதிவைப் பகுத்தவரின் முடிவுகளும் கலந்தே கிடைக்கின்றன. நுழைவையும் தங்குதலையும் தனித்தனியே கணித்தல், மேட்டின் வடிவை நோக்குதல், இயலுமிடத்துக் குறியை நகர்த்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் இக்கலப்பைப் பிரிக்க உதவுவன. குறி நடப்படாத இடத்திலும் இருபுறச் சரிவுடன் ஒரு மேடு எழுமாயின், பார்வையாளர் வழிகாட்டலின்றித் தாமே கண்டடைந்த இடம் அது எனக் கருதலாம். மாமல்லபுரத்தில் நிகழ்ந்தது போன்ற பல மணி நேர நிகழ்வின் பதிவை ஆய்வோர், முதலில் நோக்க வேண்டியவை அத்தகைய இடங்களே.